ஷெர்லி குடிக்காத தண்ணீர்

அத்தியாயம் 14

டாக்டர் கேட்ட ஒரு கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். "பாப்பா ஸ்கூல்ல தண்ணி குடிக்கிறாளா? பாத்ரூம் போறாளா?" காய்ச்சல் என்று மகளை நாகல் நகர் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போன அன்புக்கரசி பதில் தெரியாமல் ஷெர்லியைப் பார்த்தாள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் ஷெர்லி தரையைப் பார்த்தாள்.

பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் கிடைத்தது. காலையில் கொடுத்தனுப்பும் தண்ணீரை அவள் பள்ளியில் குடிப்பதே இல்லை. குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும். போய்விட்டு வெளியே வந்தால் மூன்று பேர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். "லோடு ஏத்தியாச்சா?" என்று கேட்பார்கள். அப்புறம் அவள் அப்பாவின் போன் நம்பரை வாய்ப்பாடு மாதிரி ராகம் போட்டுச் சொல்வார்கள்.

அவள் அப்பா ஸ்டான்லி செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறார். சொந்த லாரி. டேங்கின் பின்பக்கத்தில் அவர் நம்பர் தெருமுனையிலிருந்தே தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதியிருக்கும். திண்டுக்கல்லில் எத்தனையோ வீடுகளின் தொட்டியைக் காலி செய்கிற லாரி அது. தொட்டியை நிரப்புகிறவர்கள் மேல் யாருக்கும் அருவருப்பு இல்லை. காலி செய்கிறவரின் மகளைப் பார்த்துத்தான் மூக்கைப் பிடிக்கிறார்கள். இதை எழுதுகிற எனக்குக் குமட்டுகிறது.

சிறுநீரில் கிருமி என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். "அடக்கி அடக்கி வச்சா இப்படித்தாம்மா வரும். ஸ்கூல்ல சொல்லுங்க" என்றார்.

சொல்வதென்றால் எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று அன்புக்கரசி முடிவு செய்தாள். அவள் மெடிக்கல் ஷாப்பில் பில் போடுகிறவள். வாயால் சொன்னது எதுவும் நாளைக்கு நிற்காது என்பது அவளுக்குத் தொழிலிலேயே தெரியும்.

திங்கட்கிழமை காலையில் அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தபோது ஸ்டான்லி ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார்.

"நீ ஒண்ணும் சிரமப்பட வேணாம். மதியழகன் அண்ணேன்கிட்ட எழுதி வாங்கிட்டு வந்துட்டேன்."

மதியழகன் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர். பட்டா, முதியோர் பென்ஷன், தெருவிளக்கு என்று எதற்கும் அவர் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அன்புக்கரசி கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தாள்.

'உயர்திரு பள்ளி முதல்வர் அம்மா அவர்களின் மேலான சமூகத்திற்கு, நான் மிகவும் பின்தங்கிய ஏழைக் குடும்பத்தைச் சேர்ந்தவன். எனது மகளை உடன் பயிலும் மாணவர்கள் விளையாட்டாகக் கேலி செய்து வருவதாகத் தெரிய வருகிறது. எனது மகள் மீது ஏதேனும் தவறு இருப்பின் அம்மா அவர்கள் கருணை கூர்ந்து மன்னித்து ஆவன செய்யுமாறு...'

அதற்கு மேல் அவளால் வாசிக்க முடியவில்லை.

"என்னங்க இது? நம்ம புள்ளைக்கு மன்னிப்பா?"

"மனுன்னா அப்படித்தான் எழுதுவாக. அது ஒரு மரியாதை."

"விளையாட்டான்னு எழுதிருக்கு. அவ பச்சத்தண்ணி குடிக்காம காய்ச்சல்ல விழுந்துட்டா, இது விளையாட்டா? காய்ச்சலைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. யாரு பண்றாங்கன்னு இல்ல. எதுக்காகன்னு இல்ல. நீங்க என்ன தொழில் பண்றீகன்னுகூட இல்ல."

ஸ்டான்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அதை எதுக்கு எழுதணும்? நாமளே எழுதிக் குடுக்கணுமா? அந்த ஸ்கூலே நமக்கு கஸ்டமர், அன்பு."

"ஓ. அவங்க மனசு நோகக் கூடாது. அதானே?"

"நான் அப்படிச் சொல்லல."

"அப்படித்தான் இதுல எழுதிருக்கு."

கோபத்தில் காகிதத்தைக் கசக்கி அடுப்பு மேடையில் போட்டாள். ஸ்டான்லி செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

அவள் சமையலறையிலேயே உட்கார்ந்து எழுதினாள். அனுப்புநர், பெறுநர், தேதி. பொருள் என்ற இடத்தில் யோசிக்காமல் எழுதினாள்: 'மூன்றாம் வகுப்பு ஆ பிரிவு மாணவி சகாய ஷெர்லின் தொடர்ந்து கேலி செய்யப்படுவது, அதனால் அவள் உடல்நலம் கெட்டது.'

சனிக்கிழமை மாலை தலை பின்னிவிடும்போது அவள் ஷெர்லியிடம் ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். திருப்பித் திருப்பிக் கேட்டால் பிள்ளை பயந்து, நாம் கேட்க விரும்புவதைச் சொல்ல ஆரம்பித்துவிடும். ஷெர்லி சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே இப்போது எழுதினாள். 'லோடு ஏத்தியாச்சா' என்பதை எழுதும்போது கை கூசியது. நாகரிகமாக மாற்றி எழுதலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மாற்றினால் அது மதியழகன் எழுதியது மாதிரி ஆகிவிடும் என்று அப்படியே எழுதினாள்.

எங்கே நடக்கிறது என்று எழுதினாள். இடைவேளையில், பெண்கள் கழிப்பறைக்கு வெளியே. சாப்பாட்டு நேரத்தில் வராண்டாவில். அவள் உட்காரும் பெஞ்சில் பக்கத்துப் பெண் பையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்காருவது வகுப்புக்குள்ளேயே. கேலி செய்கிற மூன்று பிள்ளைகளின் பெயரையும் எழுதினாள். அவற்றை நான் இங்கே எழுத மாட்டேன். அந்தப் பிள்ளைகளுக்கும் எட்டு வயதுதான்.

வகுப்பு ஆசிரியைக்கு இதற்கு முன் இரண்டு தடவை பள்ளி டைரியில் எழுதியனுப்பியிருந்தாள். அந்தப் பக்கங்களின் தேதிகளையும், இரண்டிலும் கீழே சுகன்யா மிஸ் கையெழுத்து மட்டும் போட்டு அனுப்பியதையும் குறிப்பிட்டாள். டாக்டர் சீட்டின் ஜெராக்ஸை இணைத்தாள்.

அப்புறம் என்ன வேண்டும் என்பது. நடவடிக்கை எடுக்கவும் என்று மொட்டையாக எழுதினால் எந்தப் பள்ளியும் ஒரு தலையாட்டலோடு முடித்துவிடும். அவள் தெளிவாகக் கேட்டாள். இடைவேளையில் கழிப்பறைப் பக்கம் ஆயா ஒருவர் நிற்க வேண்டும். வகுப்பு நடக்கும்போதும் ஷெர்லி கேட்டால் உடனே அனுப்ப வேண்டும். அந்தப் பிள்ளைகளின் பெற்றோரைத் தனித்தனியாக அழைத்துப் பேச வேண்டும், வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் இதைப் போடக் கூடாது. ஷெர்லியை எல்லோர் முன்னாலும் நிறுத்தி விசாரிக்கக் கூடாது, பிரேயரில் மன்னிப்புக் கேட்க வைக்கிற நாடகமும் வேண்டாம். எடுத்த நடவடிக்கையை ஒரு வாரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வரி. 'என் கணவர் செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறார். அதில் எங்களுக்கு வெட்கம் இல்லை.'

கையெழுத்துப் போட்டு, ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எதிர்க் காலிமனையில் லாரி நின்றது. ஸ்டான்லி ஏணி போட்டு ஏறி, கையில் பெயிண்ட் டப்பாவோடு, டேங்கில் இருந்த நம்பரை அழித்துக்கொண்டிருந்தார். பாதி நம்பர் போயிருந்தது.

"என்ன பண்றீக?"

"நம்பர் இருந்தாத்தானே பாடுவாங்ய."

அவளுக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. யாருடைய அசிங்கத்தையோ இந்த மனிதர் தன் வண்டியிலிருந்து துடைக்கப் பார்க்கிறாரே என்றுதான் தோன்றியது.

"மிச்சத்தை அழிக்காதீக. இறங்குங்க. எங்கூட ஸ்கூலுக்கு வாங்க."

"நான் எதுக்கு?"

"அவளோட அப்பா நீங்க. அதுக்கு."

அவர் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு இறங்கினார். காய்ச்சல் விட்டிருந்த ஷெர்லியை வீட்டில் தனியாக விட முடியாது என்பதால் அவளையும் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு, வழியில் ஒரு ஜெராக்ஸும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பள்ளி வாசலில் ஸ்டான்லி நின்றுவிட்டார். "நீ உள்ள போ. நானும் பாப்பாவும் இங்கன வேப்பமரத்துக்கிட்ட இருக்கோம்." அதற்கு மேல் அவரை இழுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

ஆபீஸ் ரூமில் கிளார்க் கையை நீட்டினார். "லெட்டரா? வச்சுட்டுப் போங்க. மேடம் பாத்துக்கிருவாங்க."

"இந்தக் காப்பியில பெற்றுக்கொண்டதுக்கு சீல் வச்சு, தேதி போட்டுக் குடுங்க சார்."

"அதெல்லாம் பழக்கம் இல்லம்மா."

"ஃபீஸ் கட்டுனா ரசீது குடுக்குறீங்கள்ல? அது மாதிரிதான்."

கிளார்க் சுற்றுமுற்றும் பார்த்தார். சீல் பிரின்சிபால் அறையில் இருக்கிறது என்றார். அப்படியென்றால் பிரின்சிபாலையே பார்க்கிறேன் என்று அன்புக்கரசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

காத்திருக்க வைத்துத்தான் கூப்பிட்டார்கள். பிரின்சிபால் மகேஸ்வரி மேடம் கடிதத்தை வாங்கி, முதலில் அது எத்தனை பக்கம் என்று பார்த்தார். "இங்கிலீஷ்ல குடுத்திருக்கலாமே" என்றார். பிறகு வாசித்தார். ஒரு இடத்தில் அவர் உதடு சுளித்தது. எந்த இடம் என்று அன்புக்கரசிக்குத் தெரியும். நடந்தபோது சுளிக்காத உதடு, எழுதியதைப் பார்த்துச் சுளிக்கிறது.

"இப்படியெல்லாம் அப்பட்டமா எழுதணுமா மிசஸ் ஸ்டான்லி?"

"என் பொண்ணு இதை தினமும் காதால கேக்குறா மேடம்."

"தேர்ட் ஸ்டாண்டர்ட் பிள்ளைங்க. இன்னைக்கு சண்டை போடும், நாளைக்கு கட்டிப்பிடிச்சுக்கும். ஷெர்லின் கொஞ்சம் சென்சிடிவ். இதைப் போய் பெருசு பண்ணி..."

"சண்டைன்னா ரெண்டு பக்கமும் இருக்கும் மேடம். இது தினமும் ஒரே பிள்ளைக்கு நடக்குது. மூணு பேரு, ஒரே வார்த்தை, ஒரே இடம். டைரியில ரெண்டு தடவை எழுதிட்டேன். இப்ப அவளுக்கு உடம்பு கெட்டுப்போச்சு."

"சரி, நான் ஒண்ணு பண்றேன். நாளைக்கு அசெம்ப்ளில அந்தப் பசங்களை ஷெர்லின்கிட்ட சாரி சொல்ல வைக்கிறேன். போதுமா?"

"அது வேணாம்னு எழுதிருக்கேன் மேடம். மூணு பேருக்குத் தெரிஞ்சது முந்நூறு பேருக்குத் தெரியும். அப்புறம் அவ இந்த கேட்டுக்குள்ளயே வர மாட்டா."

பிரின்சிபால் மூச்சை இழுத்து விட்டார். செல்போனை எடுத்து கடிதத்தைப் படம் பிடித்து யாருக்கோ அனுப்பினார். "சுகன்யா மிஸ்ஸுக்குத்தான். வாசிச்சுட்டு வரட்டும்" என்றார்.

சுகன்யா மிஸ் வந்தாள். சின்ன வயதுதான், சிரித்த முகம். பிள்ளைகளுக்குப் பிடித்த மிஸ் என்று பெயர். கையில் சாக்பீஸ் தூளோடு நின்றாள்.

"நான் விசாரிச்சேனே மேடம். ஷெர்லினை முன்னாடி வரச் சொல்லி, யாரெல்லாம் இவளை டீஸ் பண்றீங்க, கை தூக்குங்கன்னு கேட்டேன். யாருமே தூக்கலை. ஷெர்லின்கிட்டயும் கேட்டேன், அவளும் ஒண்ணும் சொல்லலை. சோ, பிரச்சினை இல்லைன்னு நினைச்சேன்."

அன்புக்கரசி கண்ணை மூடித் திறந்தாள். இத்தனை பேர் முன்னால் தன் மகள் தனியாக நின்றிருக்கிறாள். இதை ஷெர்லி வீட்டில் சொல்லவே இல்லை.

"மிஸ், எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. டேங்க் லாரியில நம்பர் மட்டும்தான் இருக்கு, எங்க வீட்டுக்காரர் பேரு இல்ல. அது ஷெர்லி அப்பா நம்பர்னு எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

நியாயமான கேள்விதான். அது எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்டவளுக்கும் தெரியாது. சுகன்யா மிஸ் கொஞ்சம்கூடத் தயங்காமல் பதில் சொன்னாள் பாருங்கள், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஓ, அதுவா? அன்னைக்கு லாரி ஸ்கூல் டைம்லயே வந்துச்சுல்ல, எங்க கிளாஸ் ஜன்னலுக்கு நேரா நின்னுச்சு. ஒரே ஸ்மெல். பிள்ளைங்க கவனிக்கவே இல்லை. நான் அப்ப மேத்ஸ்ல பெரிய நம்பர் வாசிக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். சரி, ஒரு ஆக்டிவிட்டியா இருக்கட்டும்னு அந்த டேங்க் நம்பரை வாசிக்கச் சொன்னேன். பத்து டிஜிட். யாரு தப்பில்லாம சொல்றீங்கன்னு. இது யாரு டாடி நம்பர் தெரியுமான்னு கேட்டேன். சும்மா ஒரு ஜாலிக்கு. எல்லாரும் சிரிச்சாங்க. ஷெர்லினும் சிரிச்சா."

பிரின்சிபால் கடிதத்தின் மேல் குனிந்துகொண்டார்.

"மூக்கை?" என்றாள் அன்புக்கரசி. "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாசிக்கச் சொன்னீங்களா?"

"ஸ்மெல் அடிச்சதே மேடம். நான்கூட பிடிச்சுக்கிட்டேன்."

மூன்று பிள்ளைகள் செய்த குறும்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோம், நீங்களும் நானும். அது பாடமாக நடத்தப்பட்டிருக்கிறது. வாத்தியார் சொல்லிக்கொடுத்ததைப் பிள்ளைகள் ஒழுங்காகப் படித்திருக்கிறார்கள். அவ்வளவுதான்.

பிரின்சிபால் சட்டென்று நிமிர்ந்தார். "மிஸ், நீங்க கிளாஸுக்குப் போங்க." அவள் போனதும் இழுப்பறையைத் திறந்து சீலை எடுத்தார். இவ்வளவு நேரம் வராத சீல் இப்போது தானாக வந்தது.

"நீங்க எழுதிருக்கிறது கரெக்ட்தான். அந்த மூணு பேரன்ட்ஸையும் கூப்பிடுறேன். ஆயாவைப் போடுறேன். காப்பியைக் குடுங்க, சீல் வைக்கிறேன்."

அன்புக்கரசி காப்பியைக் கொடுக்கவில்லை. மேஜையில் இருந்த அசலையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஒரு நிமிஷம் மேடம். ஒண்ணு சேக்கணும்."

"எதுக்கு? இதுல மிஸ் பேரு அதிகமா இல்லை. அப்படியே இருக்கட்டுமே. அந்தப் பொண்ணுக்கு இப்பத்தான் வேலை கிடைச்சிருக்கு."

"இப்படியே குடுத்தா எட்டு வயசுப் பிள்ளைக மூணு பேரு மட்டும்தான் குத்தவாளி. அது பொய் மேடம்."

கையெழுத்துக்குக் கீழே இருந்த இடத்தில் இரண்டு பிரதியிலும் எழுதினாள். 'இந்தக் கேலி வகுப்பறையில், ஆசிரியை நடத்திய பாடத்தில் தொடங்கியது என்று இன்று முதல்வர் முன்னிலையில் வகுப்பு ஆசிரியையே சொன்னார்.' பக்கத்தில் மறுபடி கையெழுத்தும் தேதியும் போட்டாள்.

பிரின்சிபால் சீலை இழுப்பறைக்குள் திரும்பப் போட்டார். "மேனேஜ்மென்ட்ட கேக்காம இதை நான் வாங்க முடியாது."

"அப்ப ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புறேன் மேடம். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு மாவட்டக் கல்வி அலுவலருக்கு. வாங்க மாட்டேன்னு சொன்னதையும் சேத்து எழுதிருவேன்."

அப்போதுதான் கிளார்க் கதவைத் தட்டாமல் எட்டிப் பார்த்தார். "மேடம், கேர்ள்ஸ் டாய்லெட்டைப் பூட்டியாச்சு. ஒரு வாரமா சொல்லிக்கிட்டே இருக்கேன், தொட்டி நிரம்பி மேல வந்துருச்சு. ஸ்டான்லி வெளிய மரத்தடியிலதான் நிக்கிறார். சொல்லவா?"

பிரின்சிபால் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து அன்புக்கரசிக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. "நல்லதாப் போச்சு மிசஸ் ஸ்டான்லி. உங்க ஹஸ்பெண்டை இப்பவே வண்டியை எடுத்துட்டு வரச் சொல்றீங்களா? அர்ஜென்ட்."

கடிதம் இருவருக்கும் நடுவில் கிடந்தது. அதற்குப் பக்கத்திலேயே இதைக் கேட்க அவருக்கு நாக்கு கூசவில்லை.

"நீங்களே கேளுங்க மேடம்" என்று எழுந்தாள்.

பிரின்சிபால் வராண்டாவுக்கு வந்து கைதட்டிக் கூப்பிட்டார். ஸ்டான்லி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஷெர்லி தன் வகுப்பு ஜன்னல் இருக்கும் பக்கம் பார்க்காமல் அப்பாவுக்கு மறுபக்கம் ஒட்டிக்கொண்டு நடந்தாள். அன்புக்கரசி கடிதத்தை அவரிடம் நீட்டி, புதிதாக எழுதிய பாராவைக் காட்டினாள். அவர் நின்ற இடத்திலேயே வாசித்தார். ஒரு தடவை வாசித்துவிட்டு, மறுபடியும் வாசித்தார்.

"ஸ்டான்லி, வண்டி உடனே வேணும்" என்றார் பிரின்சிபால்.

"அன்னைக்கும் இப்படித்தான் உடனேன்னீக மேடம். பிள்ளைக போனப்புறம் வாரேன்னு சொன்னேன். கேக்கல." அவர் சத்தம் போடவில்லை. "இன்னைக்குச் சாயந்தரம் வாரேன். பிள்ளைக கழுவக்கொள்ள கஷ்டப்படக் கூடாது, அதுக்காக வாரேன். ஆனா நான் எந்த வேலைக்கும் ட்ரிப் சீட்ல கையெழுத்து வாங்காம வண்டியைக் கிளப்புறதில்ல, உங்களுக்கே தெரியும். இன்னைக்கு இதுல வாங்கிட்டுத்தான் கிளப்புவேன்."

கடிதத்தை நீட்டினார்.

பிரின்சிபால் கிளார்க்கைப் பார்த்தார். கிளார்க் பூட்டிக் கிடக்கும் கழிப்பறைப் பக்கம் பார்த்தார். காற்று அந்தப் பக்கமிருந்துதான் வீசியது. மகேஸ்வரி மேடம் சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு உள்ளே போய் சீல் வைத்து, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொண்டுவந்தார்.

ஒரு பிள்ளையின் காய்ச்சலுக்கு அசையாத சீல் அது. அன்புக்கரசி காப்பியை மடித்துப் பைக்குள் வைத்தாள். ஜெயித்த மாதிரி இல்லை. கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போல இருந்தது.

சாயங்காலம் ஸ்டான்லி வண்டியோடு போய் வேலையை முடித்துவிட்டு வந்து குளித்தார். ஷெர்லி ஹாலில் படம் வரைந்துகொண்டிருந்தாள். அன்புக்கரசியின் போன் விடாமல் சத்தம் போட்டது. வகுப்பு வாட்ஸ்அப் குரூப்.

சுகன்யா மிஸ் கடிதத்தைப் போட்டிருந்தாள். காலையில் பிரின்சிபால் எடுத்து அனுப்பிய படம். கீழே பாரா சேர்ப்பதற்கு முன்னால் எடுத்தது. 'டியர் பேரன்ட்ஸ், சின்னக் குழந்தைகள் மேல் ஒரு பேரன்ட் இப்படிப் புகார் கொடுத்திருக்கிறார். உங்கள் சப்போர்ட் வேண்டும்.' மூன்று பிள்ளைகளின் பெயரும் பளிச்சென்று தெரிந்தது. ஷெர்லியின் பெயரும், அவள் சிறுநீரில் கிருமி இருப்பதும் தெரிந்தது. குரூப்பில் போடக் கூடாது என்ற வரியும் அதே படத்தில் தெரிந்தது.

பத்துப் பதினைந்து பேர் பதில் போட்டிருந்தார்கள். 'பாவம் பிள்ளைகள்.' 'இதுக்கெல்லாம் லெட்டரா?' 'நாங்க உங்க பக்கம் மிஸ்.' ஒருவர் மூக்கைப் பொத்திய பொம்மையை அனுப்பியிருந்தார். வளர்ந்த மனிதர், இரண்டு பிள்ளைகளின் தகப்பன்.

கொஞ்ச நேரத்தில் படம் அழிக்கப்பட்டது. அழித்து என்ன செய்ய?

"சீல் வச்ச காப்பி உங்கிட்ட இருக்குல்ல? அதைப் போடு" என்றார் ஸ்டான்லி. தலை துவட்டின துண்டு தோளில் அப்படியே கிடந்தது. காலையில் நம்பரை அழித்த அதே ஆள். "அந்த மிஸ் சொன்னதும் எல்லாருக்கும் தெரியட்டும்."

"போட்டா அந்தப் பிள்ளைக பேரு மறுபடியும் வரும். நம்ம பிள்ளை பேரும் வரும். போடாதீகன்னு எழுதிட்டு நானே போடுறதா?"

அவர் துண்டை எடுத்துக் கொடியில் போட்டார். அவளுக்கு வேறு வழி தோன்றவில்லை. சீல் வைத்த உண்மை பைக்குள் இருக்கிறது, ஊரெல்லாம் சுற்றியது பாதி உண்மை. மாதாவே, என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"ஷெர்லின் அம்மாங்களா? நான் காமராஜ் பேசுறேன். நீங்க எழுதின மூணு பேர்ல ஒருத்தன் என் மகன்."

அவள் எழுந்து அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். எதற்கும் தயாராக நின்றாள். "சொல்லுங்க."

"குரூப்ல பாத்ததும் கோவந்தான் வந்துச்சு. உங்களைத் திட்டத்தான் நம்பர் வாங்குனேன். அதுக்கு முன்னாடி இவனைக் கூப்பிட்டு, எதுக்குடா அப்படிச் சொன்னேன்னு கேட்டேன். மிஸ்தாம்பா சொல்லச் சொன்னாங்கங்கிறான். தப்பில்லாமச் சொன்னதுக்கு மிஸ் கையில ஸ்டார் போட்டுவிட்டாங்கங்கிறான். அன்னைக்கு அவன் ஸ்டாரோட வந்தது எனக்கே ஞாபகம் இருக்கும்மா."

"அதை எழுதிக் குடுப்பீங்களா?"

"குடுக்குறேன். நாளைக்கே வந்து குடுக்குறேன்." அவர் போனை வைக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னொண்ணு சொல்லணும். ஸ்டார் வாங்குனதை எங்களுக்குச் செஞ்சு காமிச்சான். மூக்கைப் பிடிச்சுக்கிட்டு, அந்த நம்பரை. நல்லாருந்துச்சுன்னு வீடியோ எடுத்து சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்புனோம். பழனி, ஒட்டன்சத்திரம், எங்கெங்கயோ போயிருக்கு. அது ஒரு மனுசனோட நம்பர்னு, அவருக்கு ஒரு பொண்ணு இருக்குன்னு, சத்தியமா அப்ப நினைக்கலம்மா."

அன்புக்கரசி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"உங்க பையன் சிரிச்சுக்கிட்டே சொல்றானா அதுல?"

"ஆமாம்மா."

"எடுத்தது யாரு?"

எங்கோ அந்த வீட்டில் டிவி ஓடுவது கேட்டது.

"நாந்தாம்மா. நான் சிரிக்கிற சத்தந்தான் அதுல அதிகமாக் கேக்கும்."